குறைந்த கிலோமீட்டரா, முழு சர்வீஸ் புக்கா, மலிவான விலையா? டர்பனில் பழைய கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

"கையில் ஒன்றரை லட்சம் ராண்ட் இருக்கிறது. ஒரு கார் அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆனால் புக் பாதியில் நிற்கிறது. இன்னொன்று ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது, ஆனால் ஒரே ஓனர், எல்லா பில்லும் இருக்கிறது. எதை எடுப்பது?" சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் கூடவே வரும்: "நம்மூரில் அதிகம் ஓடாத ஒரு ஐரோப்பிய கார் நல்ல நிலையில், ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?"

இந்த மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் ராண்ட் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் பார்க்கும் காருக்கு உங்கள் வாரத்து விளம்பரங்களிலிருந்து அதே முறையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் அளவுகோல்

கிலோமீட்டருக்கு என்ன விலை? இதை யாரிடமும் கேட்க வேண்டாம், விளம்பரங்களே சொல்லும். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே எஞ்சின் உள்ள பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களை எடுத்து, கிலோமீட்டர் வரிசையில் எழுதுங்கள். 2018 போலோ விவோ 1.4-ஐ எடுத்துக்கொள்வோம். எண்பதாயிரம் கிலோமீட்டரைச் சுற்றி உள்ளவை சராசரியாக 1,52,000 ராண்ட், ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைச் சுற்றி உள்ளவை 1,34,000 என்று வைத்துக்கொண்டால், அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு 18,000 வித்தியாசம். அதாவது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 3,000 ராண்ட். இந்த ஒரு எண் கையில் இருந்தால், எந்த காரின் கிலோமீட்டரையும் ராண்டாக மாற்றிவிடலாம்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பாருங்கள். நான்கு நாளில் காணாமல் போகும் விளம்பரம் சரியான விலையில் இருந்தது. ஒரு மாதமாக அங்கேயே நின்று விலை குறைந்துகொண்டே வருவது கூடுதலாகக் கேட்டது. அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

சர்வீஸ் வரலாறு. புக்கில் உள்ள முத்திரையை விட பில்தான் முக்கியம். முத்திரை யாரும் குத்தலாம். பில்லில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் மூன்றும் இருக்கும். இது காரின் ஆரோக்கியத்துக்கு மட்டும் சான்று இல்லை, மீட்டரில் தெரியும் கிலோமீட்டர் உண்மைதான் என்பதற்கும் இதுதான் சான்று. அதனால் வரலாறு இல்லாத காரில் கிலோமீட்டர் என்ற முதல் அளவுகோலும் சேர்ந்து ஆடிப்போகிறது. பலர் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் ஏமாறுகிறார்கள்.

எத்தனை ஓனர். எண்ணிக்கையை விட, ஒவ்வொருவரும் எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்பதுதான் பேசும். ஏழு வருடத்தில் இரண்டு பேர் மூன்றரை வருடம் வீதம் வைத்திருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது ஆள் ஐந்தே மாதத்தில் விற்கிறார் என்றால், அந்த ஐந்து மாதத்தில் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்க வேண்டும். நம் பதிவுச் சான்றிதழில் இப்போதைய உரிமையாளர்தான் இருப்பார், முந்தையவர்களின் பட்டியல் இருக்காது. அதனால் சர்வீஸ் பில்களில் உள்ள பெயர்களையும் தேதிகளையும் வரிசைப்படுத்தித்தான் ஓனர்களை எண்ண வேண்டும். கட்டணம் செலுத்தி எடுக்கும் வாகன வரலாற்று அறிக்கையும் உதவும்.

உள்ளூர்த் தேவை. இது இரண்டு பக்கமும் வெட்டும். எல்லோரும் தேடும் கார் என்றால் வாங்கும்போது அதிகம் கொடுப்பீர்கள், விற்கும்போது அதைத் திரும்பப் பெறுவீர்கள். இடையில் உதிரிபாகம் மலிவு. ஆனால் எல்லோரும் தேடுவதைத் திருடர்களும் தேடுவார்கள், இன்சூரன்ஸ் தவணையில் அது தெரியும்.

## மூன்று கார்களும் ஒரே பார்வையில்

| | முதல் கார் | இரண்டாம் கார் | மூன்றாம் கார் |
|---|---|---|---|
| மாடல் | போலோ விவோ 1.4, 2018 | போலோ விவோ 1.4, 2018 | ஐரோப்பிய ஹாட்ச்பேக், 2019 |
| மீட்டர் (கி.மீ.) | 68,000 | 1,42,000 | 61,000 |
| சர்வீஸ் சான்று | 31,000 வரை மட்டும் | முழுவதும், பில்களோடு | முழுவதும், டீலர் முத்திரை |
| ஓனர்கள் | மூவர். கடைசி ஆள் 5 மாதம் | ஒருவர் | ஒருவர் |
| உள்ளூர்த் தேவை | அதிகம் | அதிகம் | குறைவு |
| கேட்கும் விலை (ராண்ட்) | 1,54,000 | 1,39,000 | 1,12,000 |
| கணக்கில் வரும் விலை | 1,28,750 முதல் 1,47,350 வரை | 1,39,450 | எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது |

## முதல் கார்: மீட்டரில் குறைவு, புக்கில் இடைவெளி

பார்த்தவுடன் இதுதான் லாபம் என்று தோன்றும். பத்தாயிரத்துக்கு மூவாயிரம் என்ற கணக்குப்படி 68,000 கிலோமீட்டர் ஓடிய விவோவின் விலை 1,55,600. கேட்பது 1,54,000.

இப்போது புக்கைத் திறப்போம். கார் பதிவானது 2018 பிப்ரவரி. கடைசி முத்திரை 2019 நவம்பர், 31,000 கிலோமீட்டர். இருபத்தொரு மாதத்தில் 31,000 என்றால் மாதம் சுமார் 1,475. அதே வேகத்தில் போயிருந்தால் 2025 ஆகஸ்டில் மீட்டர் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் மீட்டர்படி பார்த்தால், கடைசி அறுபத்தொன்பது மாதத்தில் கார் ஓடியது வெறும் 37,000. மாதம் 540 கூட இல்லை. 2020 ஊரடங்கு சில மாதங்களை விளக்கும், முழுவதையும் விளக்காது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் கைக்குக் கார் போயிருந்தால் இது நடக்கக்கூடியதே. அப்படியென்றால் அதற்குத் தடயம் இருக்கும்.

தடயத்தை எங்கே தேடுவது? முதலில் டயர். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2221 என்றால் 2021-ன் 22-வது வாரம். அந்த டயர் 2021-ல் மாட்டியதாக இருந்து, இப்போது தேய்மானக் குறி வரை வழுவழுவென்று தேய்ந்திருந்தால் யோசியுங்கள். விற்பவர் சொல்லும் கணக்குப்படி அந்த நான்கு வருடத்தில் கார் 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் சரியாக உள்ள சிறிய காரில் அந்த ஓட்டத்துக்கு ஒரு டயர் அகலம் முழுக்கச் சமமாகத் தேய்ந்து முடியாது.

அடுத்து பின்பக்க இடது கதவு. நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம், பயணி ஏறி இறங்குவது நடைபாதை ஓரமாக. வாடகைச் செயலியில் ஓடிய காரில் பின் இடது கதவின் படி கீறி மங்கியிருக்கும், அந்தப் பக்க இருக்கையின் ஓரம் சப்பியிருக்கும், வலது பக்கம் புதிது போல இருக்கும். வீட்டுக் காரில் இந்த வித்தியாசம் வராது. பிரேக் பெடல் ரப்பர், கியர் குமிழ், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் ஆகியவற்றையும் பாருங்கள். ஆனால் பெடல் ரப்பர் ரொம்பப் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியாக, ஸ்கேனர். ஃபோக்ஸ்வேகன் கார்களில் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் என்று பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. ஒரு பழுது பதிவாகும்போது பல பெட்டிகள் அந்த நேரத்துக் கிலோமீட்டரையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டை மட்டும் திருத்துவார்கள். ஏபிஎஸ் பெட்டியில் "1,19,000 கி.மீ." என்று ஒரு பழைய சென்சார் பழுது இருந்து, டேஷ்போர்டு 68,000 காட்டினால், அதற்குப் பிறகு பேச்சே வேண்டாம். இந்தக் கார் வகைக்கான ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோக விற்பவர் மறுத்தாலும் அதே முடிவுதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பழுதுப் பதிவைச் சமீபத்தில் அழித்திருந்தால் ஸ்கேனரில் ஒன்றும் வராது. ஒன்றும் வராததைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, விலை என்ன? 1.4 விவோவில் டைமிங் பெல்ட் இருக்கிறது, செயின் இல்லை. பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போகும். மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் சேர்த்து 7,500 என்று வைப்போம். ஆனால் சந்தையில் உள்ள விவோக்களில் பாதி மாற்றியவை, பாதி மாற்றாதவை. சராசரி விலையில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதனால் பாதியை மட்டும் கழிக்க வேண்டும், 3,750. எல்லா ஆயிலும் ஃபில்டரும் பிளக்கும் மாற்றும் முழு சர்வீஸ் 4,500. மொத்தம் 8,250.

கிலோமீட்டர் உண்மை என்று நிரூபணமானால்: 1,55,600-ல் 8,250 போக 1,47,350. நிரூபிக்க முடியாவிட்டால் 1,30,000 கிலோமீட்டர் ஓடிய காராகவே மதிப்பிட வேண்டும்: 1,37,000-ல் 8,250 போக 1,28,750. கவனியுங்கள், விற்பவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும்கூட 1,54,000 அதிகம்.

எப்போது இதை எடுக்கலாம்: பழைய ஓனர் கிடைத்து, அவரிடம் பேச முடிந்து, பில்களின் நகல் கிடைத்தால். அல்லது விற்பவர் 1,30,000-க்கு இறங்கி வந்து, பெல்ட் வேலையை நீங்களே செய்யத் தெரிந்தவராக இருந்தால்.

## இரண்டாம் கார்: ஓடியது அதிகம், ஒளிவு இல்லை

ஒன்றரை லட்சம் என்றதும் பலர் விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழரை வருடத்துக்கு 1,42,000 என்றால் வருடத்துக்குப் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். டர்பனுக்குள் வேலைக்குப் போய்வந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகும் குடும்பத்துக்கு இது சாதாரணம். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய கிலோமீட்டர், நகரத்தில் நின்று நின்று ஓடியதை விட கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நல்லது.

கணக்கு இப்படி. 1,42,000 கிலோமீட்டருக்கு சந்தை விலை 1,33,400. டைமிங் பெல்ட் 1,21,000 கிலோமீட்டரில் மாற்றிய பில் இருக்கிறது. சராசரியை விட இது பாதி பெல்ட் மேல், 3,750 கூட்டுவோம். நான்கு டயரும் பாதித் தேய்மானத்தில், அதற்கு 2,800 கூட்டுவோம். கிளட்ச் இன்னும் கம்பெனி கிளட்ச். மாற்ற 11,000 ஆகும், உங்கள் காலத்தில் வந்தே தீரும். பாதியைக் கழிப்போம், 5,500. ஆக 1,34,450. முழு பில் கட்டுக்கும் ஒரே ஓனருக்கும் தனியாக 5,000 வரை கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் மூன்று வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது அதே கட்டு உங்கள் கையில் இருக்கும். 1,39,450. கேட்பது 1,39,000. நியாயமான விலை.

இந்தக் காரில் ஒளிந்திருக்கும் செலவு எஞ்சினில் இல்லை, அடியில் இருக்கிறது. ஒரே ஓனர் என்றால் அவர் எங்கே குடியிருந்தார் என்று கேளுங்கள். பிளஃப், உம்ஹ்லாங்கா போல கடலோரமாக ஏழு வருடம் வெளியில் நின்ற கார், உள்நாட்டில் கராஜில் நின்ற காரைப் போல இருக்காது. டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி டயர் குழியைப் பாருங்கள். கதவின் கீழ் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உள்ளிருந்து துரு வருகிறது. லிஃப்டில் ஏற்றி பிரேக் பைப்புகளையும் முன் சப்ஃப்ரேமையும் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு நிறம் பரவாயில்லை, ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் செதில் உதிர்ந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

2022 ஏப்ரல் வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். அப்போது டர்பனில் இருந்த எந்தக் காரிலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே துடைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தைப் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை. அங்கே குறுக்காக ஒரு சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. இருக்கையின் அடியில் உள்ள ஒயர் இணைப்புகளில் பச்சை படிந்திருந்தாலும் அதே பொருள். இது முதல் காருக்கும் பொருந்தும், ஆனால் இதில் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பில்களை வைத்துச் சரிபார்க்கவும் முடிகிறது. 2022 மே மாதம் திடீரென்று கம்பளமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றிய பில் இருந்தால் காரணத்தை ஊகிக்கலாம்.

எப்போது இது சரி: இரண்டு முதல் நான்கு வருடம் ஓட்டி விற்பவர்களுக்கு, திடீர்ச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு. இனி வருடம் முப்பதாயிரத்துக்கு மேல் ஓட்டப்போகிறவர்களுக்கு இது சரிப்படாது. இரண்டு வருடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும், அந்த எண்ணைப் பார்த்ததும் வாங்குகிறவர்கள் பின்வாங்குவார்கள்.

## மூன்றாம் கார்: நல்ல கார், தேடுவார் இல்லை

நிலையை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. விலை குறைவாக இருப்பதற்கு ஒரே காரணம் உள்ளூர்த் தேவை. அந்தக் குறைவை எப்படி அளப்பது? மாநிலம் முழுக்கவே மூன்று விளம்பரம்தான் என்றால் சராசரி எடுக்க முடியாது. அதனால் இரண்டு டீலர்களிடம் போய், "இதே காரை நான் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். 78,000 என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலைக்கும் இதற்கும் இடைவெளி 34,000. இரண்டாம் காருக்கு இதே கேள்வியைக் கேட்டால் 1,18,000 வருகிறது, இடைவெளி 21,000. அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

மூன்று வருடத்தில் விற்றால்: விவோ 95,000-க்குப் போகும், இழப்பு 44,000. இந்தக் கார் 60,000-க்குப் போகும், இழப்பு 52,000. எட்டு வருடம் வைத்திருந்தால்: விவோ 45,000, இழப்பு 94,000. இது 30,000, இழப்பு 82,000. மலிவாக வாங்கிய லாபம் நீண்ட காலம் வைத்திருந்தால்தான் கைக்கு வருகிறது.

ஆனால் எட்டு வருடத்துக்கு உதிரிபாகம் வேண்டுமே. வாங்குவதற்கு முன்பே மூன்று ஸ்பேர் கடைகளுக்கு போன் செய்து, மூன்று பொருளுக்கு விலையும் நாளும் கேளுங்கள்: கிளட்ச் செட், முன் ஷாக், ஒரு ஹெட்லைட். விவோவுக்கு அன்றே கிடைக்கும், பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். இதற்கு "ஆர்டர் போட வேண்டும், மூன்று வாரம்" என்ற பதில் ஒரு பொருளுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் வந்தால் வீட்டில் இரண்டாவது கார் இருக்கிறதா என்று யோசியுங்கள். இன்சூரன்ஸ் தவணையை மூன்று கார்களுக்குமே ஒரே நாளில், ஒரே முகவரி கொடுத்து விசாரியுங்கள். அதிகம் திருடப்படும் மாடலுக்கு டிராக்கர் கட்டாயம் என்பார்கள். அந்த மாதச் செலவு விவோ பக்கம் ஏறும், இந்தக் காரின் பக்கம் இறங்கும்.

எப்போது இது சரி: அடிக்கடி கார் மாற்றாத குடும்பத்துக்கு, அந்தக் கம்பெனி காரைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால்.

## பணம் கொடுப்பதற்கு முன் காகிதம்

தனிநபரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற சொல் இருக்கும். இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். தெரிந்தே மறைத்த குறைக்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும், ஆனால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது உங்கள் வேலை. அதனால் ஒப்பந்தத்திலேயே "மீட்டர் காட்டும் 1,42,000 உண்மையான ஓட்டம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் காரின் விற்பனையாளர் இந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதப் பொறுப்பு அவருக்கு உண்டு. டீலர் விலை சற்று அதிகமாக இருப்பதில் ஒரு பங்கு இதற்குத்தான்.

பதிவுச் சான்றிதழில் வாகன நிலைக் குறியீட்டைப் பாருங்கள். 2 என்றால் பழைய கார். 3 என்றால் விபத்துக்குப் பிறகு மறுபடி கட்டியது. அப்படி இருந்தால் மேலே போட்ட எந்தக் கணக்கும் செல்லாது: பல வங்கிகள் கடன் தராது, இன்சூரன்ஸ் குறைத்தே மதிப்பிடும். சான்றிதழில் டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. வங்கியிலிருந்து நிலுவைக் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேரே வங்கிக் கணக்கில் கட்டுங்கள். மீதியை மட்டும் அவரிடம் கொடுங்கள்.